மூலிகை கேப்சூலும் படபடக்குற நெஞ்சும்

"மேடம், எனக்கு 33 வயசு. இன்ஸ்டாகிராம்ல பாத்து 'நூறு சதவீதம் மூலிகை'ன்னு போட்டிருந்த வெயிட் லாஸ் கேப்சூல் வாங்கி மூணு வாரமா சாப்பிடுறேன். ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, பசியே இல்ல. ஆனா வாய் வறண்டு போகுது, ராத்திரி தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. மெடிக்கல்ல பிபி பாத்தா 150/98. வித்தவங்ககிட்ட கேட்டா கழிவு வெளிய போகுது, பத்து நாள்ல சரியாயிடும்ங்குறாங்க. மனப்பதட்டத்துக்கு டாக்டர் கொடுத்த எஸ்சிட்டலோபிராமும் எடுக்குறேன். பாதி பாட்டில் மிச்சம் இருக்கு, முடிச்சிட்டு நிறுத்தலாமா? என் நாத்தனாரும் இதையே ஆரம்பிச்சிருக்காங்க, அவங்களுக்கு ஏற்கனவே பிபி உண்டு."
– கோவை வாசகி

முடிக்க வேணாம்மா, இன்னைக்கே நிறுத்திடுங்க, இன்னொரு கேப்சூல் கூட வேணாம். நாத்தனாருக்கும் இப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

நீங்க எழுதுனதுல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது ஆறு கிலோ இல்ல, அந்த அஞ்சு விஷயமும் ஒண்ணா வந்ததுதான். பசி அடங்கிப் போச்சு, வாய் வறண்டு போச்சு, தூக்கம் போச்சு, நெஞ்சு அடிக்குது, பிபி ஏறியிருக்கு. கொள்ளும் குடம்புளியும் திரிபலாவும் சாப்பிட்டா இப்படி ஒரு கூட்டு வராது, ஆனா சிபுட்ரமின்னு ஒரு இங்கிலீஷ் மருந்து இருக்கு, அது இதே வரிசைலதான் வேலை காட்டும். உங்க பாட்டில்ல அதுதான் இருக்குன்னு லேப்ல பாக்காம நான் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சந்தேகப்படுறதுக்கு ரொம்ப வலுவான காரணம் இருக்கு. அமெரிக்காவோட மருந்துத் துறை 2007ல இருந்து 2016 வரைக்கும் கலப்படம்னு பிடிச்ச எடை குறைப்புப் பொருட்கள் 317, அதுல 269ல இருந்தது இந்த ஒரே மருந்துதான்.

இது ஒரு காலத்துல முறையா டாக்டர் சீட்டுல கொடுத்த மருந்துங்க. அமெரிக்காவுல 1997ல அனுமதி கிடைச்சுது, ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், ரொம்பத் தேவைன்னா 15, அவ்வளவுதான். மூளைல செரடோனின், நார்அட்ரினலின்ங்கற ரெண்டு ரசாயனத்தையும் தங்க வச்சு வயிறு நிறைஞ்ச மாதிரி காட்டும், ஆனா அந்த நார்அட்ரினலின் மூளையோட நிக்காது, ரத்தக்குழாயை இறுக்கும், இதயத்தை வேகமா அடிக்க வைக்கும், எச்சிலை வத்த வைக்கும். உங்ககிட்ட 'கழிவு வெளிய போகுது'ன்னு சொன்னாங்களே, எனக்கு உண்மையிலேயே கோவம் வருது, அது கழிவு போறது இல்ல, உங்க இதயம் மூணு வாரமா ஓய்வில்லாம ஓடிட்டு இருக்கு. அப்புறம் சர்க்கரை, இதயக் கோளாறுன்னு ஏற்கனவே ஆபத்துல இருந்த சுமார் பத்தாயிரம் பேரை வச்சு வருஷக்கணக்கா பாத்தாங்க, மருந்து எடுத்தவங்களுக்கு ஹார்ட் அட்டாக்கும் பக்கவாதமும் கூடுதலா வந்துச்சு. 2010ல ஐரோப்பாலயும் அமெரிக்காவுலயும் மார்க்கெட்ல இருந்து எடுத்துட்டாங்க, இந்தியாவுல 2011 பிப்ரவரில தடை பண்ணிட்டாங்க. கம்பெனி அளந்து, டாக்டர் பிபி பாத்துப் பாத்துக் கொடுத்த மருந்துக்கே இந்த கதி.

உங்க பாட்டில்ல அளவே கிடையாது, அதுதான் எனக்கு பெரிய பயம். ஒரு கேப்சூல்ல 500 மில்லிகிராம் பொடின்னு வைங்க, அதுல 10 மில்லிகிராம்ங்கறது நூத்துல ரெண்டு பங்கு, பெரிய டப்பால மொத்தமா கொட்டிக் கலக்கும்போது ஒரு கேப்சூலுக்குள்ள ஒண்ணுமே போயிருக்காது, அடுத்ததுல மூணு மடங்கு போயிருக்கும். சில நாள் ஒண்ணும் தெரியாம சில நாள் மட்டும் நெஞ்சு தூக்கிப் போடுதுன்னா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பிரிச்சுப் பாத்தாலும் மோந்து பாத்தாலும் தெரியாது, பச்சைப் பொடி பச்சைப் பொடியாத்தான் இருக்கும்.

அந்த ஆறு கிலோவையும் கொஞ்சம் பாப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறையணும், ஆறு கிலோவுக்கு 46,000க்கு மேல, அதை 21 நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 2200. நீங்க தண்ணியைத் தவிர ஒண்ணுமே சாப்பிடாம இருந்தாக்கூட எட்டுறது கஷ்டம். அப்ப அதுல நல்ல பங்கு தண்ணியும் தசையும்தான். அதோட வயித்தால அடிக்கடி போச்சுன்னா நிலாவாரையோ, ஒன்னுக்கு அதிகமா போச்சுன்னா நீர் பிரிக்கிற மாத்திரையோ கூட சேர்த்திருக்க வாய்ப்பிருக்கு, ரெண்டுமே உடம்புல பொட்டாசியத்தைக் குறைச்சு இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும்.

இப்ப எஸ்சிட்டலோபிராம். அதுவும் செரடோனினைத் தங்க வைக்கிற மருந்து, சிபுட்ரமினும் அதையே பண்ணுது, ரெண்டும் சேர்ந்தா அளவு மீறிடும். கை கால் நடுங்குறது, காய்ச்சல், வேர்த்துக் கொட்டுறது, வயித்தால போறது, நிலைகொள்ளாத பதட்டம், குழப்பம், இதெல்லாம் சேர்ந்து வந்தா உடனே எமர்ஜென்சி. ஆனா பயந்துபோய் எஸ்சிட்டலோபிராமை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட கேப்சூல் விஷயத்தை மறைக்காம சொல்லுங்க. நிறைய பேர் திட்டுவாங்கன்னு இதை மட்டும் மறைச்சுடுறாங்க, அப்ப டாக்டர் படபடப்பைப் பாத்து பதட்டம் கூடிடுச்சுன்னு நெனச்சு அந்த மாத்திரையோட டோஸையே ஏத்திடலாம்.

நாளைக்குக் காலைல பாட்டிலோட ஒரு பொது மருத்துவரைப் பாருங்க. பிபி, நாடி, ஈசிஜி, பொட்டாசியம், கிரியாட்டினின், லிவர் டெஸ்ட், தைராய்டு, இவ்வளவும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. லிவர் எதுக்குன்னா 2002ல சிங்கப்பூர்ல ஸ்லிம் 10னு ஒரு மாத்திரை வித்தாங்க, அதுல கலந்திருந்தது வேற ஒரு ரசாயனம், அதை சாப்பிட்ட நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்கு கல்லீரலே செயலிழந்து, அவரோட காதலர் தன் கல்லீரல்ல ஒரு பகுதியைக் கொடுத்துதான் பொழைச்சாங்க, இன்னொரு பெண்ணைக் காப்பாத்தவே முடியல. அதனால கண்ணு மஞ்சளானாலோ ஒன்னுக்கு டீ கலர்ல போனாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறது, வாய் கோணுறது வந்தாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, 108க்கு அடிங்க. சிபுட்ரமின்தான்னா நிறுத்துன மூணு நாலு நாள்ல உடம்பை விட்டுப் பெரும்பாலும் போயிடும், படபடப்பும் அடங்கணும், அதுக்கப்புறமும் பிபி இறங்கலைன்னா வேற காரணம் தேடணும்.

லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கேன்னு கேப்பீங்க. அந்த 14 இலக்கம் உணவு வியாபாரத்துக்கான லைசென்ஸ், உங்க கைல இருக்குற பாட்டிலை யாரோ டெஸ்ட் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. மூலிகை மருந்துன்னு விக்கிறாங்கன்னா தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச முழு விலாசம் இருக்கணும், வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருந்தா அது விலாசம் கிடையாது. உடல் பருமனை குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி தப்பு, இதுவும் நிறைய பேருக்குத் தெரியாது.

பாட்டிலைக் குப்பைல போட்டுடாதீங்க. மிச்ச கேப்சூல், அட்டை, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், அந்த சாட், எல்லாத்தையும் வச்சுக்கிட்டு உங்க மாவட்ட மருந்து ஆய்வாளர் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, லேபுக்கு அனுப்புறது அவங்க வேலை. பக்கவிளைவைப் பதிய 1800-180-3024க்கு நீங்களே இலவசமா போன் பண்ணலாம். நாத்தனாரையும் நாளைக்கு கூடவே கூட்டிட்டுப் போங்க, தனக்கு ஒண்ணும் பண்ணலையேன்னு சொன்னாலும் கூட்டிட்டுப் போங்க, ஏற்கனவே பிபி இருக்குறவங்களுக்கு சிபுட்ரமினை அது சட்டப்படி வித்த காலத்துலயே யோசிச்சுத்தான் கொடுத்தாங்க, பிபி கட்டுப்பாட்டுல இல்லைன்னா கொடுக்கவே மாட்டாங்க.