சின்னப் பையனும் அப்பத்தாவும் சொல்லும் சாட்சி: எப்படிக் கேட்பது?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். போன வாரம் காலையில் கரையில் கிடந்த வல்லத்திலிருந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த 74 வயது அப்பத்தாவும் கூட இருந்த 5 வயதுப் பேரனும்தான். பையன் கேட்கக் கேட்க மாற்றி மாற்றிச் சொல்கிறான். அப்பத்தா ஒருத்தர் பேரை அடித்துச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேரையும் விசாரிக்க வேண்டும் என்கிறார்கள். இவர்கள் சொல்வதை நம்பலாமா? எப்படிக் கேட்பது?

பதில்: முதல் வேலையாக, கூட்டத்தில் வைத்துக் கேட்பதை நிறுத்துங்கள். ஊரே சுற்றி நின்றால் 5 வயதுப் பையன் நடந்ததைச் சொல்ல மாட்டான், எதைச் சொன்னால் விடுவார்கள் என்று பார்ப்பான்.

அவன் மாற்றிச் சொல்கிறான் என்பதை வைத்துப் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே கேள்வியைப் பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்றுதான் சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். உடனே பதிலை மாற்றுகிறார்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்கும்போது இது இன்னும் அதிகம். "வடக்குத் தெரு மாமாதானே எடுத்தாரு?" என்று ஒருவர் கேட்டால் தலையாட்டுவான். அடுத்தவர் வேறு பெயரைச் சொல்லிக் கேட்டால் அதற்கும் ஆட்டுவான். பெயர்கள் அவனிடமிருந்து வந்தவை அல்ல, கேட்டவர்களிடமிருந்து வந்தவை.

ஆனால் அந்த வயதுப் பிள்ளை தானாக, தன் வார்த்தையில் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கொஞ்சமாகத்தான் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தைக் கெடுக்காமல் வாங்குவதுதான் கேட்பவரின் வேலை.

எனவே இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேராத ஒருவர் மட்டும் கேட்கட்டும். பையன் வீட்டிலேயே, அவனுக்குப் பழகிய ஆள் ஒருவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அப்பத்தா வேறிடத்தில் இருக்கும்போது, ஒரே தடவை கேட்க வேண்டும். போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிலை மட்டுமல்ல, என்ன கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பதும் பின்னால் தெரிய வேண்டும்.

எடுத்த எடுப்பில் எஞ்சின் பேச்சு வேண்டாம். "எங்க வீட்டு நாய் பேரு என்ன சொல்லு" என்று கேளுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்காது. எதையாவது ஊகித்துச் சொன்னால், "உனக்குத் தெரியாதுல்ல, அப்போ தெரியாதுன்னு சொல்லலாம், அது தப்பில்ல" என்று பழக்குங்கள். "நான் தப்பாச் சொன்னா, இல்லைன்னு சொல்லணும்" என்பதையும் இதேபோல ஒரு சின்னச் சோதனை வைத்துப் பழக்குங்கள். அப்புறம் இன்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தான் என்று சொல்ல விடுங்கள். தொடர்ச்சியாகச் சொல்ல அவனுக்கு அது பயிற்சி.

பிறகு: "அன்னைக்கு அப்பத்தா கூட கரையில இருந்தியாமே. நான் அங்க இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லு." சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், அவனுக்கு அது தேவை.

"ரெண்டு பேர் வந்தாங்க. பெரிய சாமானத் தூக்கிட்டுப் போனாங்க" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். "எஞ்சினையா?" என்று கேட்கவே கூடாது. "சாமான்னு சொன்னியே, அது எப்படி இருந்துச்சு?" என்று அவன் சொல்லையே திருப்பிக் கொடுங்கள். "பைக்லயா, வேன்லயா?" வேண்டாம். லோடு ஆட்டோவில் போயிருந்தாலும் நீங்கள் கொடுத்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவான். "தூக்கிட்டு எங்க போனாங்க?" போதும். எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த வயதுக்கு எட்டாது. அதில் தப்பாகச் சொன்னால் மற்றதையும் தள்ளிவிடாதீர்கள். "மாமா" என்று சொன்னால், கடற்கரையில் எல்லா ஆம்பளையும் அவனுக்கு மாமாதான். எந்த வீட்டு மாமா என்று கேளுங்கள், பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, "இதைப் பத்தி உன்கிட்ட யாரெல்லாம் கேட்டாங்க? என்ன கேட்டாங்க?" என்று கேளுங்கள். ஏற்கெனவே பல பேர் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், அவன் இனி சொல்லும் எந்தப் பெயரையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். யாரும் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கே அம்மாவிடம் தானாக என்ன சொன்னான் என்று விசாரித்து, அவன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அதுதான் மதிப்புள்ளது.

அப்பத்தா விஷயம் வேறு மாதிரி. வயதானவர்கள் தானாகச் சொல்லும்போது விவரம் குறையலாம், சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர்களிடம் பலவீனமாவது வேறொன்று: ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தோமா, பிறகு பிறர் பேசிக் கேட்டோமா என்பது கலந்துவிடுவது. இளவயதினருக்கும் இது நடக்கும். 1974-ல் லாஃப்டஸ், பாமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டார்கள். படத்தில் அப்படி எதுவும் இல்லை. "நொறுங்கிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், மற்ற 50 பேரில் 7 பேர். வயது கூடும்போது இந்தக் கலப்பு கூடுகிறது. ஒரு வாரமாக ஊர் முழுக்க ஒரே பெயர் அடிபட்டால், அந்தப் பெயருக்குரிய முகமே கரையில் நின்றதாக அப்பத்தாவுக்கு மனதார நினைவு வரலாம். அடித்துச் சொல்வது இதற்கு மருந்தல்ல. நினைவு எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம்.

எனவே "நீங்க பார்த்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க ஆத்தா" என்று விட்டு, குறுக்கே பேசாதீர்கள். காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, எதிரில் உட்கார்ந்து, காது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள். எத்தனை மணி என்பதற்குப் பதில், பாங்கு சொன்ன பிறகா, ஏலம் முடிந்த பிறகா என்று அவராகவே ஒன்றோடு சேர்த்துச் சொல்ல விடுங்கள். பிறகு: "எதை வச்சு அவர்னு தெரிஞ்சுது? முகமா, நடையா, சட்டையா? அந்தப் பேரை நீங்கதான் முதல்ல சொன்னீங்களா, யாரும் சொல்லிக் கேட்டீங்களா?"

அப்புறம் அவரோடு அதே இடத்துக்கு அதே நேரத்தில் போங்கள். தேவிபட்டினம் கரை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் கடல் பக்கமிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும். வல்லத்தருகே நிற்பவர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். கண்ணில் புரை இருந்தால் கூச்சம் இன்னும் மோசம். தெரிந்த ஒருவரை அங்கே நிற்க வைத்து, யார் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் முகத்தை வைத்து அடையாளம் சொன்னதாக ஏற்க முடியாது. நடையை வைத்துச் சொன்னால், அதை நடை என்று மட்டும் எழுதுங்கள்.

போனில் ஒருத்தர் போட்டோவைக் காட்டி "இவரா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஆள் அதில் இல்லாதபோதும் யாரையாவது காட்டிவிடுவது வயதானவர்களிடம் அதிகம். ஒருமுறை போட்டோ பார்த்துவிட்டால் அந்த முகம் பிறகு பழக்கமாகத்தான் தெரியும். அடையாள அணிவகுப்பு என்பது போலீஸ், மாஜிஸ்திரேட் வழியாக நடக்க வேண்டியது.

இருவர் சொல்வதிலும், யாரும் எடுத்துக் கொடுக்காமல் தனித்தனியாக ஒத்துவரும் விவரம் எது என்று பாருங்கள். இரண்டு பேர், பெரிய சாமான், ரோட்டுப் பக்கம் போனது: இவை ஒத்தால் அவ்வளவை நம்பலாம். பெயர் ஒத்துவந்தால், இருவரும் ஒரே வீட்டில் ஒரு வாரம் அதையே பேசியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சின் போனதற்குப் புகார் கொடுங்கள். சட்டத்தில் சாட்சிக்கு வயது வரம்பு இல்லை. பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 124-ன்படி, கேள்வியைப் புரிந்து ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்தால் போதும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 179-ன்படி, இந்தப் பையனையோ அப்பத்தாவையோ விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, போலீஸ்தான் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். வரும்போது உங்கள் ஒலிப்பதிவைக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஊரில் யார் யார் என்ன கேட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.