டம்ளர் எந்தச் சொல்லில் தரையைத் தொட்டது?

அன்புள்ள அண்ணா,
என் தம்பி ஆறு மாதமாக ஒரு படத்தில் உதவி இயக்குநர். போன் செய்தால் ஒருநாள் "கன்டினியூட்டி எழுதுறேன்" என்பான், மறுநாள் "லைட்டுக்காக வெயிட்டிங்" என்பான். உதவி இயக்குநர், கன்டினியூட்டி பார்ப்பவர், கேஃபர் எல்லாம் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? இத்தனை பேர் இருந்தும் தப்பு வருகிறதே! ஒரு படத்தில் காபி டம்ளர் ஷாட்டுக்கு ஷாட் நிறைந்து குறைவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.
கா., திண்டுக்கல்

அன்புள்ள கா.,

முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடுங்கள். எடிட்டர் உங்களுக்கு முன்பே அதைப் பார்த்திருப்பார். நடிப்பு நன்றாக வந்த டேக்கை வைத்துக்கொண்டு, டம்ளர் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். தப்புக் கண்டுபிடிப்பதையே ரசனை என்று நினைக்கும் பழக்கம் எங்கிருந்துதான் வந்ததோ.

ஆனால் டம்ளர் என்று எழுதிவிட்டீர்கள். நான் பல வருடமாக ஒரு டம்ளரை நினைத்துக்கொண்டிருப்பவன்.

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீடு. முற்றத்தில் அப்பாவும் மகளும் காபி குடிக்கும் சீன், ஒன்பது ஷாட். அப்பாவாக நடித்தவருக்கு ஒரு மணி வரைதான் நேரம். உதவி இயக்குநர்களில் மூத்தவரான கோ-டைரக்டர் ஷாட்களின் வரிசையையே மாற்றினார். காலையில் இருவரும் தெரியும் மாஸ்டர் ஷாட், அப்புறம் அப்பா பக்கம் பார்க்கும் ஷாட் எல்லாம். மகளின் குளோசப் சாப்பாட்டுக்குப் பிறகு. கதையில் மூன்று நிமிடம், எங்களுக்கு ஆறு மணி நேரம். உதவி இயக்குநரின் முக்கிய வேலை இந்தக் கணக்குத்தான். கூட்டத்தை விலக்குவது, கிளாப் அடிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த ஆறு மணி நேரத்தில் சூரியன் சும்மா நிற்குமா? மாஸ்டர் எடுத்தபோது வெயில் மேற்குத் தாழ்வாரத்தில், மகளின் காலடியில் விழுந்தது. மூன்று மணிக்கு அது எதிர்ப்பக்கம் போய்விட்டது. எங்கள் சீஃப் லைட்மேன் (கேஃபர் என்ற பெயர் அப்போது எங்கள் யூனிட்டில் கிடையாது) காலையிலேயே வெயிலின் ஓரத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். மதியம் முற்றத்துக்கு மேலே கறுப்புத் துணி கட்டி நிஜ வெயிலை மறைத்தார். கிழக்குப் பக்கம் சாரம் கட்டி, பகல் வெளிச்ச நிறமுள்ள ஹெச்.எம்.ஐ. விளக்கை ஏற்றி, வெளிச்சம் அந்தக் கோட்டில் வந்து விழும்வரை தள்ளித் தள்ளி வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. உங்கள் தம்பி "வெயிட்டிங்" என்று சொன்னது இதைத்தான், திட்டாதீர்கள்.

இனி என் பங்கு. வெளிநாட்டுப் படப்பிடிப்புகளில் கன்டினியூட்டிக்கென்று தனியாக ஒருவர் இருப்பார். அன்று எங்களிடம் அது உதவி இயக்குநர்களில் ஒருவன் தலையில் விழும் வேலை. அன்று என் தலை. காபி எவ்வளவு இருந்தது, விபூதி எவ்வளவு கலைந்திருந்தது, முந்தானை எந்தத் தோளில், எல்லாம் நோட்டில் இருந்தது. பெருமையாக இருந்தேன்.

குளோசப்புக்கு எதிரே அப்பா இல்லை. அவர் வசனத்தை யாராவது சொல்ல வேண்டும். நான் முந்திக்கொண்டேன். நடிக்கும் ஆசைதான், வேறென்ன. "எப்ப கிளம்புற?" என்று உருக்கமாகக் கேட்டுவிட்டு அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அற்புதமாக அழுதாள். முதல் டேக்கே ஓகே.

பத்து நாள் கழித்து எடிட்டர் கூப்பிட்டார். மாஸ்டரில் அவள் "நாளைக்கு" என்று சொல்லும்போதே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு "காலையில கிளம்புறேன்பா" என்கிறாள். குளோசப்பில் முழு வாக்கியத்தையும் டம்ளரைக் கையில் பிடித்தபடி சொல்லிவிட்டு, அப்புறம்தான் வைக்கிறாள். அந்த இடத்தில் மாஸ்டரிலிருந்து குளோசப்புக்கு வெட்டினால் அவள் இரண்டு முறை டம்ளர் வைப்பாள். டம்ளர் தரையில் படும் சத்தமும் வசனத்தோடு பதிவாகியிருந்தது.

காபியின் அளவு மாறினால் கண் பெரும்பாலும் கவனிக்காது. ஓர் அசைவு திரும்ப நடந்தால் உடனே தடுக்கும். ஆகவே நோட்டில் எழுத வேண்டியது "டம்ளர், பாதி காபி" அல்ல. "'நாளைக்கு' என்னும் சொல்லில், வலது கை, டம்ளர் தரையில்" என்று எழுத வேண்டும். எந்தச் சொல்லில் எழுந்தாள், எந்தச் சொல்லில் திரும்பினாள் என்பதும் வேண்டும். வசனம் சொல்கிறவனால் அதைப் பார்க்க முடியாது. நான் பார்க்கவில்லை. வெட்ட வேண்டிய இடம் அந்த அழுகைக்கு நடுவில்தான் இருந்தது. அந்தக் குளோசப் படத்தில் இல்லை.

தம்பி அடுத்த முறை போன் செய்தால், நடிகர் கிளம்பிப் போன பிறகு எதிர் வசனத்தை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவன்தான் என்றால், என்னோடு ஒருமுறை பேசச் சொல்லுங்கள்.