ஒரு மின்னஞ்சலும் பதினைந்து எச் படிவமும்

அன்புள்ள ஐயா,

கல்யாணியும் சுந்தரமும் வரும் உங்கள் வங்கிக் கதையைப் படித்தேன். முக்கால்வாசி வரை எங்கள் அலுவலகத்தையே பார்ப்பது போல இருந்தது. முடிவுதான் உறுத்துகிறது. ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒரே மெயிலில் சரியாகிவிடுவார்களா? எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்றை எழுதினால் மறுநாளே அதை அச்செடுத்து நமக்கு எதிராகக் காட்டுவார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் நேரில் பேசினால் ஆகாதா? இன்னொன்று, கல்யாணி அந்த மெயிலில் ஒரு இடத்தில்கூட மன்னிப்புக் கேட்கவில்லையே, ஏன்? எனக்கும் பேச்சு நின்றுபோன ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

கதையைப் படிக்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அந்தக் கிளையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். 10 லட்ச ரூபாய் வைப்பு, 7 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 17,500 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வரவேண்டும். மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் வரி பிடிக்கவேண்டும் என்பது கதை நடக்கும் 2018-19 நிதியாண்டின் விதி. மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்பவர்கள் அப்போது 15எச் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்கவேண்டும். ஏப்ரலில் வங்கிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் படிவத்தோடு நிற்பார்கள். நம் ஆசிரியரும் ஏப்ரலிலேயே கல்யாணியின் கவுண்டரில் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஜூன் முடிவில் அவர் கணக்கில் விழுந்தது 15,750. ஜூலை 10ஆம் தேதி பாஸ்புக்கோடு வந்து நின்றார். பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டிவிடவேண்டும், கட்டியும் ஆயிற்று. இனி கிளையால் திருப்பித் தர முடியாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அவரேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரியவர் மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறார். மேலாளர் கல்யாணிக்கும் சுந்தரத்துக்கும் மெயில் அனுப்பி விளக்கம் கேட்கிறார். அதிகாரியான சுந்தரம் இரண்டே வரியில் பதில் போடுகிறார்: "இந்த வாடிக்கையாளருக்கு 15எச் பதிவு சிஸ்டத்தில் இல்லை. படிவம் கவுண்டரில் பெறப்பட்டதா என்று பார்க்கவேண்டும்." அதில் மண்டல அலுவலகத்துக்கு சிசி. கவுண்டர் என்றால் கல்யாணி. தன்னை மேலிடத்தில் மாட்டிவிட்டார் என்று அவள் முடிவு கட்டுகிறாள். கொடுத்த படிவத்தை எங்கேயோ போட்டுவிட்டு இப்போது அழுத்தமாக இருக்கிறாள் என்று சுந்தரம் முடிவு கட்டுகிறார்.

இதற்குள் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. அந்தப் பெரியவருக்கு வங்கியில் இரண்டு வாடிக்கையாளர் எண்கள். ஓய்வூதியம் வரும் சேமிப்புக் கணக்கு பழைய எண்ணில் இருக்கிறது. வைப்பு போட்டபோது யாரோ பழையதைத் தேடிப் பார்க்காமல் புது எண் போட்டுவிட்டார்கள். 15எச் என்பது கணக்கு எண்ணில் ஏறுவதில்லை, வாடிக்கையாளர் எண்ணில்தான் ஏறும். கல்யாணி பாஸ்புக்கைப் பார்த்துப் பழைய எண்ணில் ஏற்றினாள். வைப்பு இருந்தது புது எண்ணில். அங்கே படிவம் இல்லை, அதனால் சிஸ்டம் வரியைப் பிடித்தது. வங்கியில் இருந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. படிவம் கொடுத்தும் வரி பிடித்தார்கள் என்று யாராவது வந்தால் முதலில் பார்க்கவேண்டியது, ஆளுக்கு இரண்டு எண் இருக்கிறதா என்பதைத்தான்.

கல்யாணி அதை ஜூலையிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். தான் பழைய எண்ணில் ஏற்றியதும், அதை சுந்தரமே பாஸ் செய்ததும் திரையில் தெரிகிறது. அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. என்றாவது மெமோ வந்தால் எடுத்து நீட்டலாம் என்ற எண்ணம்.

நீங்கள் முடிவைச் சந்தேகிக்கிறீர்கள். நான் இந்தக் கதையில் அதிகம் பாடுபட்டது அந்த இழுப்பறைக்காகத்தான். வருடக்கணக்கில் நீளும் அலுவலகப் பிணக்குகளில் பெரும்பாலும் இப்படி ஒரு காகிதம் யாரிடமாவது இருக்கும். எதிராளிக்குத் தெரியாத ஒரு தகவல், தக்க நேரத்துக்காகப் பத்திரப்படுத்தப்பட்டது. அது வெளியே வராதவரை எத்தனை டீ வாங்கிக் கொடுத்தாலும், எத்தனை பிரிவுபசார விழாவில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் மாறாது. கல்யாணியின் மெயில் வேலை செய்தது அவள் மனதைத் திறந்து காட்டியதால் என்று நான் நினைக்கவில்லை. தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டாள். நீங்கள் சொல்வது போல அச்செடுத்துத் தனக்கு எதிராகவே காட்டக்கூடிய ஒன்றை அவள் எழுதுகிறாள். படிப்பவர் அதை நம்புவதற்குக் காரணமும் அதுதான்.

அந்த மெயிலை இங்கே தருகிறேன்.

"சார், கீழே உள்ள உங்கள் மெயிலை இன்று மறுபடி படித்தேன். அந்தப் படிவத்தை நான் ஏப்ரலிலேயே ஏற்றியிருந்தேன். பெரியவரின் பழைய எண்ணில் ஏற்றிவிட்டேன். நீங்கள் பார்த்தது வைப்பு இருக்கும் புது எண்ணில். அங்கே பதிவு இல்லை என்று நீங்கள் எழுதியது சரி. இது எனக்குப் போன ஜூலையிலேயே தெரியும். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்லவில்லை. மண்டல அலுவலகத்துக்கு சிசி போட்டது என்னை மாட்டிவிடத்தான் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் என்ட்ரி உங்கள் க்யூவில் நிற்கிறது என்று தெரிந்தும் பல தடவை உங்களைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். பெரியவர் இன்று வந்திருந்தார். இரண்டு எண்களையும் ஒன்றாக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். நாளை காலை ஃபாரத்தோடு வருகிறேன்."

வங்கியில் எழுத்தர் ஒரு பதிவைப் போட்டால் அதிகாரி பாஸ் செய்யவேண்டும். க்யூவில் வந்து நிற்பதை அவர் எப்போது பார்ப்பார் என்று காத்திருக்க முடியாது என்பதால் கவுண்டரிலிருந்து "சார், ஒண்ணு பாஸ் பண்ணுங்க" என்று குரல் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கும் குரல் அது. கல்யாணி அதை நிறுத்திவிட்டாள். சுந்தரமாகப் பார்த்துப் பாஸ் செய்யும்வரை எதிரே இருப்பவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். சுந்தரம் பதிலுக்குக் காரணம் எதுவும் குறிக்காமல் வவுச்சர்களைத் திருப்பி அனுப்பினார். சண்டை என்று யாரும் சொல்லமுடியாத சண்டை. இதில் தன் பங்கை மட்டும் அவள் எழுதுகிறாள். வவுச்சரைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதல் வரைவில் இருந்தது, "நீங்களும்தான் காரணம் சொல்லாமல் திருப்பினீர்கள்" என்று. அந்த ஒரு வரி இருந்தால் போதும், சுந்தரம் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்குத்தான் பதில் எழுதுவார். அதனால் எடுத்துவிட்டேன்.

மன்னிப்பும் அதே காரணத்தால்தான் இல்லை. மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் மன்னிப்புக் கேட்டால் அவர் "பரவாயில்லம்மா, விடுங்க" என்பார். பெருந்தன்மையோடு முடித்துவைப்பார். சிசி பற்றியோ எண் பற்றியோ பிறகு யாரும் பேசமாட்டார்கள். தகவல்களை மட்டும் வைத்தால், அவர் தன் பக்கத் தகவலைச் சொல்லியாகவேண்டும். சொல்கிறார். "சிசி நான் போட்டதில்லை. மேலாளர் மெயிலிலேயே இருந்தது. ரிப்ளை ஆல் கொடுத்தேன், யார் யாருக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பதிவைப் பாஸ் பண்ணியது நான்தான் என்றால், எண்ணை நானும் சரிபார்க்கவில்லை. காலையில் வாங்க." அவ்வளவுதான் அவர் எழுதியது. மேலாளரின் மெயிலில் சிசி வரிசை சுருக்கிக் காட்டப்பட்டிருந்தது. கல்யாணி அதை விரித்துப் பார்த்ததே இல்லை.

நேரில் பேசியிருக்கலாம் என்கிறீர்கள். அந்தக் கிளையை நினைத்துப் பாருங்கள். சுந்தரத்தின் மேசை ஹாலின் நடுவில் இருக்கிறது. எதிரே நகைக்கடன் வாங்க வந்தவர்கள், பக்கத்தில் கேஷியர். அவள் இரண்டாவது வாக்கியம் சொல்வதற்குள் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். அதைவிட முக்கியமானது, அவள் பழைய மெயிலுக்கே ரிப்ளை கொடுக்கிறாள், ரிப்ளை ஆல் கொடுக்கவில்லை. சிசியில் இருந்தவர்கள் கழன்றுகொள்கிறார்கள், பழைய மெயில்கள் மட்டும் கீழே தொங்குகின்றன. சுந்தரம் கீழே இறங்கிப் போய்த் தான் எழுதிய இரண்டு வரியை அவள் கண்ணால் படிக்கமுடிகிறது. மேலாளரின் சிசி வரிசையையும் அப்போதுதான் பார்க்கிறார். இதை வாய்ப்பேச்சில் செய்யமுடியாது.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கதையை முதலில் யோசித்தபோது கேஷ் குறைந்த கதையாகத்தான் இருந்தது. அப்படி வைத்தால் கல்யாணியின் மெயில் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். விசாரணை வரும், அவளுடைய நேர்மைக்கு அவள் வேலையே விலையாகும். அது வேறு கதை. 1,750 ரூபாயைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். வங்கிக்கு நஷ்டமில்லை. பெரியவருக்குப் பிடித்த வரி அவர் பான் எண்ணில், 26ஏஎஸ் என்ற வருமான வரித் துறைப் பதிவில் ஏறியிருக்கும், கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். தவறு என்னவோ தவறுதான், ஆனால் இருவரும் பங்குபோட்டுக்கொள்ளக்கூடிய அளவு.

உங்கள் அலுவலகத்தில் இருப்பவரைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை. உங்களுக்குள் நடந்தது பணம் குறைந்ததோ, சாதி சொல்லித் திட்டியதோ, பெண் என்பதால் தொல்லை கொடுத்ததோ என்றால் கல்யாணியின் வழி உங்களுக்கு வேண்டாம். அவற்றை முறைப்படி புகாராக எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்பதில்தான் இருவருக்கும் இரண்டு கணக்கு இருக்கிறது என்றால், எழுதும் முன் உங்கள் இழுப்பறையைப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் உங்களிடம் இருப்பது என்ன? அப்படி ஒன்றும் இல்லையென்றால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, கேட்பதற்குத்தான் இருக்கிறது. அப்போது நேரிலேயே போய்க் கேளுங்கள். இருந்தால், அதை முதல் பத்தியில் எழுதுங்கள். அவர் செய்தவற்றைப் பட்டியல் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பும் முன் சிசி வரிசையை விரித்துப் பாருங்கள்.