பைக்குள் ஓடும் நூல் வெளியே தெரிகிறதே!

கேள்வி: கறுப்பு, வெள்ளை இரண்டு கலரில், 6 தையலுக்கு ஒரு கட்டமாக, ஒரு நூலால் பின்னும்போது மற்ற நூலைத் தையலுக்குள்ளேயே ஓட்டும் டேபஸ்ட்ரி குரோஷேயில் பை பின்னினேன். 8 ப்ளை காட்டன், 4.5 எம்எம் ஊசி. வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு நூல் எட்டிப் பார்க்கிறது. அடியைவிட வாய் குறுகிவிட்டது. இரண்டு கிலோ அரிசி வைத்தால் கைப்பிடி முழங்கால் வரை இறங்குகிறது. கடைக்காரர் இதைவிடத் தடிமனான நூல் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா? ஒரு ஏஜென்ட் 20 பை ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம். நூல் விற்பவரிடம் யோசனை கேட்டால் நூல் வாங்கத்தான் சொல்வார். அதே நூல் போதும், ஊசியைத்தான் மாற்ற வேண்டும். 3 எம்எம் எடுங்கள். நூல் லேபிளில் போட்டிருக்கும் ஊசி அளவு ஸ்வெட்டர், சால்வை மாதிரி துவளும் துணிக்கானது. பைக்கு அது ஆகாது. முதல் இரண்டு நாள் விரல் வலிக்கும். வலிக்கவே இல்லை என்றால் நீங்கள் இன்னும் தளர்வாகத்தான் போடுகிறீர்கள்.

எட்டிப் பார்ப்பதில் மூன்று விதம் உண்டு. உங்கள் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தையலின் காலடியில், இரண்டு தையலுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது பெரிய ஊசியின் வேலை. ஒரு கோடு மாதிரி நீளமாகத் தெரிந்தால், உள்ளே ஓட வேண்டிய நூல் முந்தைய சுற்றின் தலைமேல் படுக்காமல் முன்பக்கமாகச் சரிந்துவிட்டது. ஊசியைத் தையலின் தலையில் இருக்கும் இரண்டு இழைக்கும் அடியில் நுழைத்து, படுத்திருக்கும் நூலுக்கும் அடியிலேயே கொண்டுபோய், அதன் பிறகுதான் பின்னும் நூலை இழுக்க வேண்டும். கட்டத்தின் ஓரத்துத் தையலில் மட்டும் தலை வேறு கலரில் இருந்தால், கலரை ஒரு படி தாமதமாக மாற்றுகிறீர்கள். ஆறாவது வெள்ளைத் தையலை முடிக்கும்போது ஊசியில் கடைசியாக இரண்டு கண்ணி நிற்கும் அல்லவா, அந்த இரண்டையும் கறுப்பால் இழுத்து முடியுங்கள். அடுத்த தையல் சுத்தமான கறுப்பாக வரும்.

வாய் குறுகுவதற்குக் காரணம் வேறு. நீங்கள் அடியை ஒற்றை நூலில் போட்டுவிட்டு, பக்கச் சுவர் ஏறும்போதுதான் இரண்டாவது நூலைச் சேர்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் செய்வது இதுதான். முதல் சுற்றிலிருந்தே, அடி முழுவதும் ஒரே கலராக இருந்தாலும், உள்ளே ஒரு நூல் ஓட வேண்டும். அப்போதுதான் அடிக்கும் சுவருக்கும் ஒரே கனம் வரும். சுவரில் பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை நின்று, பின்னியதை இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். உள்ளே இறுகிய நூல் தானாக வழுக்கி நீளும். சில சுற்றுக்கு ஒருமுறை டேப் வைத்துச் சுற்றளவை அளந்தால், குறுக ஆரம்பிக்கும் இடத்திலேயே பிடித்துவிடலாம்.

ஊசி சிறிதானால் பையும் சிறிதாகும். சுற்றுக்கு 6 தையல் கூட்டிக்கொண்டு போனால் அடி தட்டையாக வரும். 16 சுற்றில் 96 தையல். 3 எம்எம் ஊசியில் இறுக்கமாகப் போட்டால் 10 தையல் நாலரை சென்டிமீட்டர்தான் வரும், அதனால் 96 தையலுக்குச் சுற்றளவு சுமார் 43 சென்டிமீட்டர். கடைக்குப் போகும் பைக்கு அது பத்தாது. 20 சுற்று போட்டு 120 தையல் ஆக்குங்கள், 54 சென்டிமீட்டர் கிடைக்கும். 19 சுற்றில் நிறுத்தாதீர்கள். ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்த்து உங்கள் கட்டம் 12 தையல். 114-ஐ 12 வகுக்காது, சுற்று முடியும் இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உள்ளே ஓடும் நூலை எந்தச் சுற்றிலும் விடக் கூடாது என்றேன். ஒரே ஒரு விலக்கு. கட்டங்களுக்கு நடுவே அகலமாக வெறும் வெள்ளைப் பட்டை வைக்க ஆசைப்பட்டால், அங்கே கறுப்பை ஓட்டாதீர்கள். எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் வெள்ளை சாம்பலடித்துத் தெரியும். அதற்காக ஒன்றுமே ஓட்டாமலும் விடாதீர்கள், அந்த இடம் மட்டும் மெலிந்து பை அங்கேதான் மடங்கும். இன்னொரு வெள்ளைப் பந்திலிருந்து ஒரு நூலை எடுத்து வெள்ளைக்குள் வெள்ளையாக ஓட்டுங்கள். கறுப்பை வெட்டுவதென்றால் கடைசிக் கறுப்புக் கட்டத்தை ஒட்டி வெட்டக் கூடாது. வால் விட்டு வெட்டி, அதைத் துணி தைக்கும் ஊசியில் கோத்து, கீழே இருக்கும் கறுப்புக் கட்டங்களுக்குள்ளேயே போகவர இரண்டு முறை ஓட்டி, பிறகு நறுக்குங்கள். முடிச்சு போட்டால் துவைக்கத் துவைக்க வெளியே தள்ளிக்கொண்டு வரும். இரண்டு மூன்று சுற்றுள்ள குறுகிய பட்டை என்றால் வெட்டவே வேண்டாம். கறுப்பை உள்பக்கம் தொங்கவிட்டு மேலே தூக்கிக்கொள்ளலாம், இழுத்துப் பிடிக்காமல்.

இனி கைப்பிடி. உள்ளே ஓடும் நூல் பையைச் சுற்றி ஓடுகிறது, அதனால் பை அகலமாக விரியாது. கைப்பிடியை நீங்கள் ஆறு தையல் அகலத்தில் திரும்பித் திரும்பிப் போட்டு நீளமாக்கியிருப்பீர்கள். அதில் உள்நூல் குறுக்கே ஓடும், பாரமோ நெடுக இழுக்கும், நூல் இருந்தும் பயனில்லை. முழு நீளத்துக்கும் செயின் போட்டு, நெடுக ஐந்தாறு வரிசை பின்னி, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் இரண்டு நூல் ஓட்டுங்கள். இறங்கினாலும் இரண்டு விரல்தான் இறங்கும். வாயின் விளிம்போடு நிறுத்தாமல், கைப்பிடி நுனியைச் சுவரில் ஐந்தாறு சுற்று கீழே வரை தைத்து இறக்குங்கள். கொலம்பியாவின் லா குவாஹிராவில் வயூ பழங்குடிப் பெண்கள் பின்னும் மொச்சிலா பைகள் இதே டேபஸ்ட்ரி வேலைதான். அவர்களும் தோளில் மாட்டும் பட்டையைப் பையோடு சேர்த்துப் பின்னுவதில்லை, தனியாக நெய்தே இணைக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய பயிற்சி வகுப்புகளோ டீப்பாய் விரிப்பும் டிவி கவரும் போட வைத்து சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. தேர்வுக்கு வருபவர் எத்தனை உருப்படி என்று எண்ணுகிறார். ஒன்றையாவது கையில் எடுத்து இழுத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை.

இப்போது அந்த ஏஜென்ட். நூலை எடை போட்டுத் தருவார், பையையும் எடை போட்டு வாங்குவார், குறைந்தால் கூலியில் பிடிப்பார். பிடிப்பதற்கு வசதியாகவே சாதாரணக் குரோஷே கணக்கில் நூல் தருவார்கள். உங்கள் மாதிரியில் 10 தையலைப் பிரித்து நூலை அளந்து பாருங்கள். என் கையில் 30 சென்டிமீட்டர் வரும். உள்ளே ஓடியது இன்னும் நாலரை, அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அதிகம். சின்ன ஊசியில் அதே உயரத்துக்குச் சுற்றுகளும் கூடும், அந்தக் கணக்கு தனி. ஆகவே ஒரு பையை முழுதாக முடித்து, கைப்பிடியோடும் வெட்டி எறிந்த வாலோடும் சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையை அவர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே 20 பைக்கு நூல் எடுங்கள். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா’ என்பவரிடம் வேலை எடுக்காதீர்கள்.

அவர் தரும் நூலில் ஒரு இழையைக் கொளுத்தியும் பாருங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். நுனி உருகிக் கெட்டி மணியாக நின்றால் அதில் அக்ரிலிக் மாதிரி செயற்கை இழை இருக்கிறது. பாரத்தில் நீளும், பழி உங்கள் கைமேல் வரும்.

கையில் இருக்கும் பையை முழுக்கப் பிரிக்க வேண்டாம். கைப்பிடியை மட்டும் பிரித்து நெடுக்காகப் போடுங்கள். பையை நனைத்து, வாய்க்குச் சரியாக ஒரு டப்பாவை உள்ளே திணித்து நிழலில் காயவிட்டால் சுருக்கம் கொஞ்சம் விடும். கறுப்புப் புள்ளி மட்டும் போகாது. அந்தப் பையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாதிரியாகக் காட்ட வேண்டாம்.