மூக்குக் கண்ணாடி பிறந்த கதை

கேள்வி: மூக்குக் கண்ணாடியை யார் கண்டுபிடித்தார்கள்? அந்தக் காலத்தில் லென்ஸை எப்படித் தேய்த்தார்கள்?

கண்டுபிடித்தவர் பெயர் பதிவாகவில்லை. 1306இல் ஃபிளாரன்ஸில் பிரசங்கம் செய்த ஜியோர்தானோ என்ற துறவி, இந்தக் கலை வந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்றார். அப்படியானால் 1286 வாக்கில், இத்தாலியில். முதலில் செய்தவர் தொழில் ரகசியத்தைச் சொல்ல மறுத்தாராம். பீசா நகரத் துறவி அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பினா தானே செய்து பார்த்து, எல்லோருக்கும் தாராளமாகக் கற்றுக்கொடுத்தார்.

அவை நடுவில் தடித்த குவி லென்ஸ்கள்; வயதானவர்கள் படிப்பதற்கு. கிட்டப்பார்வைக்கான குழி லென்ஸ் 15ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

தேய்க்கும் முறை எளிது. குழிந்த உலோகத் தட்டில் ஈரமணலைப் போட்டு, கண்ணாடித் துண்டை எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பித் தேய்ப்பார்கள். எந்தத் திசையில் நகர்த்தினாலும் ஒன்றோடொன்று பொருந்துவது கோள வடிவம் மட்டுமே என்பதால் வளைவு தானாகவே அமைந்துவிடும். அப்புறம் மணலுக்குப் பதில் மேலும் மேலும் நுண்ணிய தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும்.

சிக்கல் மெருகேற்றும்போதுதான். அதைத் துணியால் செய்தார்கள்; துணி மெத்தென்று அமுங்குவதால் லென்ஸின் ஓரம் மழுங்கிவிடும். படிக்க அது பெரிய குறையில்லை. கண்மணி ஒரு நேரத்தில் லென்ஸின் சிறு பகுதி வழியாகத்தான் பார்க்கிறது. தொலைநோக்கிக்கோ முழுப் பரப்பும் சரியாக இருந்தாக வேண்டும். கலிலியோ தன் லென்ஸின் ஓரங்களை அட்டையால் மறைத்தது இதனால்தான். பிறகு துணிக்குப் பதில் கீல் என்ற தார் போன்ற பிசின் வந்தது. அழுத்தினால் மெல்ல இளகி லென்ஸின் வளைவையே எடுத்துக்கொள்ளும், ஓரத்தைக் கெடுக்காது. 1704இல் நியூட்டன் இந்த முறையை விவரித்திருக்கிறார்.