பில் செயலி: நிரந்தர இலவசமா, சோதனைக் காலமா?

கேள்வி: நானும் என் தம்பி மகனும் ஈரோட்டில் சிறு வியாபாரிகளுக்கான பில் போடும் செயலி ஒன்றை நடத்துகிறோம். மாதம் 50 பில் வரை இலவசம். அதற்கு மேல் போனால் ஆண்டுக்கு 1,500 ரூபாய். மூன்று மாதத்தில் 1,800 பேர் பதிவிறக்கினார்கள், 54 பேர்தான் பணம் கட்டினார்கள். வெறும் 3 சதவீதம். இலவசத்தை நிறுத்திவிட்டு 14 நாள் சோதனைக் காலத்துக்கு மாறலாமா? 10,000 பதிவிறக்கம் கொண்டுவருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது, ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: சோதனைக் காலத்துக்கு மாறுங்கள், ஆனால் அதை 14 நாளாக வைக்காதீர்கள். ஏஜென்சிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 3 சதவீதம் என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்; அது உங்கள் செயலியைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

முதலில் அந்த 50 பில் எல்லையைப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடை 50 பில்லை ஒரே நாளில் தாண்டிவிடும். அதே ஊரில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவர் மாதம் 30 பில்தான் போடுவார், ஆனால் அந்த 30 பில்லின் மதிப்பு பல லட்சம் இருக்கும். உங்கள் எல்லை, பத்து ரூபாய் சோப்பு விற்பவரிடம் பணம் கேட்கிறது. பணம் கொடுக்கக்கூடியவரை ஆயுள் முழுக்க இலவசமாக விட்டுவிடுகிறது. இதைவிட மோசமானது என்னவென்றால், 45ஆவது பில்லை எட்டியதும் வியாபாரி மீதியைப் பழைய பில் புத்தகத்தில் எழுத ஆரம்பிப்பார், இல்லையென்றால் மனைவியின் கைபேசியில் இன்னொரு கணக்கைத் திறப்பார். அங்கே பில் எண் மறுபடியும் 1இலிருந்து தொடங்கும். ஒரே ஜிஎஸ்டி எண்ணின் கீழ், ஒரே நிதியாண்டில், ஒரே பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்பது சட்டம். மாதக் கடைசியில் இந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் ஆடிட்டர் வியாபாரியைத் திட்டமாட்டார். உங்கள் செயலியைத்தான் திட்டுவார், அதோடு தன்னிடம் வரும் மற்ற நாற்பது கடைக்காரர்களிடமும் அதைச் சொல்வார்.

14 நாள் ஏன் போதாது என்பதற்கும் காரணம் அந்த ஆடிட்டர்தான். பில் போடுவது மட்டும் என்றால் புத்தகத்திலும் போடலாம். உங்கள் செயலியின் அருமை தெரிவது, மாதம் முடிந்து விற்பனைக் கணக்கை ஒரே தொடுதலில் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பும்போதுதான். விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், வரி கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள் தாக்கலாக வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு வியாபாரிகளும் இடைப்பட்ட இரண்டு மாதங்களில் 25ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டியிருப்பதால், அவர்களிடமும் ஆடிட்டர் பெரும்பாலும் மாதாமாதம் கணக்கைக் கேட்பார். ஜனவரி 5ஆம் தேதி சேர்ந்தவருக்கு 14 நாள் 19ஆம் தேதியோடு முடிந்துவிடும். செயலி எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்காமலே அவர் போய்விடுவார். ஜனவரி 28ஆம் தேதி சேர்ந்தவர் மட்டும் தற்செயலாக அதைப் பார்த்துவிடுவார். பிறகு நீங்கள் உட்கார்ந்து, மாதக் கடைசியில் வருபவர்கள் மட்டும் ஏன் பணம் கட்டுகிறார்கள் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

ஆகவே சோதனைக் காலத்தை நாட்களாக எண்ணாமல், முதல் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று வையுங்கள். ஜனவரி 5 வந்தவருக்கும் 28 வந்தவருக்கும் பிப்ரவரி 28தான் கெடு. இருவரும் ஒரு முழுத் தாக்கலைப் பார்த்திருப்பார்கள். அரசின் கெடு தள்ளிப்போனால் உங்கள் கெடுவையும் தள்ளுங்கள். 2025 ஜனவரியில் ஜிஎஸ்டி போர்ட்டல் முடங்கியதால் ஜிஎஸ்டிஆர்-1க்கான 11ஆம் தேதி 13க்கு மாற்றப்பட்டது. அதற்கான அறிவிப்பும் கடைசி நேரத்தில்தான் வந்தது. கெடு நாளில் மொத்த நாடும் ஒரே தளத்தின் கதவைத் தட்டும் என்பது ஜிஎஸ்டி தொடங்கிய 2017 ஜூலையிலிருந்து தெரிந்த விஷயம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது திணறுகிறது, திட்டு மட்டும் உங்களைப் போன்ற சிறியவர்களுக்கு வந்து சேர்கிறது.

சோதனைக் காலம் முடிந்ததும் புதிய பில் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். பழைய பில்களைப் பார்ப்பதையும் பதிவிறக்குவதையும் ஒருபோதும் பூட்டாதீர்கள். கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டிய கடமை வியாபாரிக்கு இருக்கிறது. அவருடைய ஆவணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்டால் ஒருமுறை கிடைக்கும், மறுமுறை கிடைக்காது.

நிரந்தர இலவசம் சரியாக வரும் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு பலர் நட்டப்படுவதால் விரிவாகவே சொல்கிறேன். இலவசமாகப் பயன்படுத்துபவர் இன்னொரு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தால்தான் அந்த இலவசத்துக்கு அர்த்தம் உண்டு. மளிகைக் கடை பில் வாங்குபவர் அதைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதன் அடியில் உங்கள் செயலியின் பெயர் அச்சாகியிருந்தாலும் படிக்க ஆள் இல்லை. ஜவுளி மொத்த வியாபாரி அனுப்பும் பில்லோ இன்னொரு வியாபாரியின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. அவர் அதைத் திறக்கிறார், ஆடிட்டருக்கு அனுப்புகிறார், தானும் இதுபோல் ஒன்று போட்டால் என்ன என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. இப்படி நடக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். உங்கள் செயலியில் வாங்குபவர் பகுதியில் பதிவான ஜிஎஸ்டி எண்களில் எத்தனை, பிற்பாடு விற்பவராக உங்களிடம் கணக்குத் திறந்திருக்கின்றன என்று தம்பி மகனைத் தேடச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தால், நிரந்தர இலவசம் உங்களுக்கு வெறும் செலவு. கணிசமாக இருந்தால், மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் ஓர் இலவசத் திட்டத்தை வையுங்கள். அதில் பில்லின் அடியில் உங்கள் பெயர் இருக்கட்டும், தாக்கலுக்கான கணக்கை எடுப்பது கட்டணத் திட்டத்தில் இருக்கட்டும். ஸோஹோ தன் இன்வாய்ஸ் செயலியை 2021 முதல் முழு இலவசமாகத் தருகிறதே என்று கேட்பீர்கள். அதிலிருந்து வளர்ந்து வரும் வியாபாரிக்கு விற்க அவர்களிடம் முழுக் கணக்கியல் மென்பொருள் இருக்கிறது. உங்களிடம் இந்த ஒரு செயலிதான் இருக்கிறது.

நிரந்தர இலவசத்தின் செலவு என்பது சர்வர் வாடகை அன்று, தொலைபேசி அழைப்பு. தமிழில் பெயர் வைத்த பொருள், 58 மி.மீ. புளூடூத் பிரிண்டரில் வெறும் கேள்விக்குறிகளாக அச்சாகும். மலிவான பிரிண்டர்களில் தமிழ் எழுத்து கிடையாது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் வரும். இதை விளக்க ஓர் அழைப்புக்குக் கால் மணி நேரம் போகும். காசு கட்டாதவர் கட்டியவரைவிடக் குறைவாகக் கேள்வி கேட்பார் என்று எந்த விதியும் இல்லை.

நிரந்தர இலவசத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பிரிண்டர் விற்று மாட்டிக்கொடுக்கும் சில இடைத்தரகர்கள் உங்கள் இலவசப் பதிப்பைப் போட்டுக்கொடுத்துவிட்டு, சாஃப்ட்வேர் கட்டணம் என்று கடைக்காரரிடம் இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிவிடுவார்கள். 50 பில் முடிந்து நீங்கள் பணம் கேட்கும்போது, "ஏற்கெனவே கட்டிவிட்டேனே" என்று கடைக்காரர் உங்களையே மோசடிக்காரர் என்பார். ஒரே கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்துப் பல கடைகள் பதிவாகியிருந்தால் அங்கே ஒரு தரகர் இருக்கிறார் என்று கொள்ளுங்கள். அந்தக் கடைகளுக்கு நீங்களே நேரடியாகப் பேசி, விலையைச் சொல்லிவிடுங்கள். சோதனைக் காலத்திலும் ஏமாற்றுவார்கள், புது எண்ணில் மறுபடி சேர்வார்கள். அதனால் சோதனையைக் கைபேசி எண்ணோடு கட்டாமல் ஜிஎஸ்டி எண்ணோடு கட்டுங்கள். அதன் 15 எழுத்துகளில் 3ஆவது முதல் 12ஆவது வரை உள்ளது அந்த வியாபாரியின் பான் எண். கைபேசியை மாற்றினாலும் அது மாறாது.

இனி சதவீதத்துக்கு வருவோம். 1,800 என்பது பதிவிறக்கம். அதில் உங்கள் சொந்தக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், போட்டியாளர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து, முதல் மாதத்தில் குறைந்தது பத்து வெவ்வேறு நாட்களில் பில் போட்டவரை மட்டுமே வியாபாரி என்று எண்ணுங்கள். ஒரு கணக்குக்காக, அப்படி 160 பேர் தேறுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 70 பேர் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றால், முடிவெடுக்க அவகாசமே கிடைக்காதவர்களை வகுக்கும் எண்ணில் சேர்ப்பது தவறு. மீதி 90 பேரில் 36 பேர் கட்டியிருந்தால் அது 40 சதவீதம். அதே செயலி, அதே மூன்று மாதம். இந்த எண் நன்றாக இருந்து வியாபாரிகள் குறைவாக வந்தால், உங்கள் பிரச்சினை விலையிலோ திட்டத்திலோ இல்லை, ஆள் சேர்ப்பதில் இருக்கிறது. இதுவே 10 சதவீதம் என்றால், செயலியில்தான் ஏதோ குறை. பத்து நாள் பயன்படுத்திவிட்டுப் போனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சின்ன எண்ணிக்கையை வைத்துப் பதற்றப்படவும் வேண்டாம். அடுத்த மாதம் 30 பேருக்குக் கெடு முடிந்து 9 பேர் கட்டினால் 30 சதவீதம் வரும். 40இலிருந்து சரிந்துவிட்டது என்று விலையைக் குறைத்துவிடாதீர்கள். 30 பேரை வைத்துப் பார்க்கும்போது பத்து சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடுவது வெறும் தற்செயலாகவே நடக்கும். சேர்ந்த மாதம் வாரியாக எழுதி, மூன்று நான்கு மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அந்த ஏஜென்சி தருவது பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும்தான். அவர்கள் கொண்டுவரும் பதிவுகளைத் திறந்தால் நள்ளிரவில் வரிசையாகச் சேர்ந்தவை, ஒரே கைபேசி மாடல், ஒரு ரூபாய்க்கு ஒரே ஒரு பில், ஜிஎஸ்டி எண் காலி என்று இருக்கும். தொடக்கத்திலேயே யுபிஐ தானியங்கிப் பற்றுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் சதவீதம் ஏறும் என்றும் சொல்வார்கள். ஏறத்தான் செய்யும். ஆனால் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பு வியாபாரிக்கு அறிவிப்பு போகும், பலர் அதைப் பார்த்ததும் ஒப்புதலை ரத்து செய்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் பணம் போன பிறகு உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். எனவே பணம் வந்ததை மட்டும் வெற்றியாக எண்ணாதீர்கள். கட்டியவர்களில் மூன்று மாதம் கழித்தும் பில் போட்டுக்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்ற எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு 1,500 ரூபாய் தரப்போவது அவர்கள்தான்.

ஏற்கெனவே 50 பில் திட்டத்தில் இருப்பவர்களை நடு ஆண்டில் மாற்றாதீர்கள். அவர்களுக்கு மார்ச் 31 வரை பழைய ஏற்பாடே இருக்கட்டும். ஏப்ரல் 1ஆம் தேதி எப்படியும் பெரும்பாலானோர் பில் எண்ணைப் புதிதாகத் தொடங்குவார்கள். அன்றைக்கு விலையும் மாறினால் யாருக்கும் கணக்குக் குழம்பாது. பிப்ரவரியிலேயே தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.