பரிந்துரை வேறு, முடிவு வேறு

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் சம்பள மென்பொருள் மாற்றத் திட்டத்தின் ஸ்டீயரிங் கமிட்டி ஸ்லைடுகளைக் கொடுத்து, எடுத்த முடிவுகளையெல்லாம் காரணம், மாற்று வழி, தேதியோடு பதிவேடாக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். ஸ்லைடில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதினால் போதுமா? — ஒரு வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: போதாது, அம்மா. ஸ்லைடு கூட்டத்துக்கு முன்பே தயாராகிவிடுகிறது. கமிட்டியிடம் என்ன கேட்கப்பட்டது என்பதுதான் அதில் இருக்கும். கமிட்டி என்ன சொன்னது என்பதைக் கூட்டக் குறிப்பிலோ, அதன்பின் போன மின்னஞ்சலிலோதான் தேட வேண்டும்.

உங்களுடையதைப் போன்ற ஒரு திட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். மார்ச் 3 தேதியிட்ட ஸ்லைடில், 'பரிந்துரை: ஏப்ரல் 1 முதல் எல்லாக் கிளைகளும் புதிய மென்பொருளுக்கு' என்று இருந்தது. வரி ஆண்டு அன்று தொடங்குவதால் அது நியாயமான யோசனைதான். மார்ச் 6 கூட்டத்தில் ஓசூர் ஆலை மேலாளர், ஷிப்டு வருகைப் பதிவுக்கும் ஓவர்டைம் கணக்குக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்றார். தலைமை அலுவலகம் ஏப்ரலில், ஓசூர் ஜூலையில் என்று முடிவானது. ஸ்லைடை யாரும் திருத்தவில்லை. அதை மட்டும் நம்பியிருந்தால் பதிவேட்டில் நேர்மாறாக எழுதியிருப்பேன்.

அந்த வரியை இப்படி எழுதினோம். முடிவு: ஓசூர் ஜூலை 1 முதல். காரணம்: ஓவர்டைம் கணக்கு சரிபார்த்து முடியவில்லை. மாற்று வழிகள்: எல்லாக் கிளைகளும் ஏப்ரலில் மாறுவது தவறான சம்பளம் போகும் அபாயத்தால் கைவிடப்பட்டது; எல்லாவற்றையும் அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளுவது பழைய மென்பொருளின் ஒப்பந்தம் அதற்குள் முடிவதால் கைவிடப்பட்டது. தேதி: மார்ச் 6. ஸ்லைடின் தேதி 'ஆதாரம்' என்ற கட்டத்துக்குப் போனது.

மாற்று வழியைக் கைவிட்ட காரணத்தோடு எழுதியது பின்னால் உதவியது. ஆண்டின் நடுவில் மாறியதால், ஓசூர் ஊழியர்களின் மூன்று மாதச் சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 'இந்த வேலையை ஏன் இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்?' என்று புதிதாக வந்த நிதி அதிகாரி கேட்டார். அந்த வரியைக் காட்டினோம். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

காரணம் எங்கும் கிடைக்காவிட்டால் நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள். கூட்டத்தில் இருந்தவரைக் கேளுங்கள். அவர் சொன்னால், 'பின்னர் கேட்டறிந்தது' என்று கேட்ட தேதியோடு எழுதுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் 'காரணம் பதிவாகவில்லை' என்றே விடுங்கள். ஊகம் ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் அதுவே கமிட்டி சொன்னதாகிவிடும்.

ஒரு முடிவு பின்னால் மாறியிருந்தால் பழைய வரியை அழிக்காமல், புதிய வரி எழுதி அதன் எண்ணைப் பழையதில் குறியுங்கள். 'தகவலுக்காக', 'ஆய்வு செய்யப்படும்' என்றிருக்கும் ஸ்லைடுகளைச் சேர்க்க வேண்டாம். முடித்ததும் கமிட்டித் தலைவருக்கு அனுப்பி, தவறான வரிகளைச் சுட்டச் சொல்லுங்கள். ஐயமுள்ள வரிகளை மஞ்சளில் காட்டினால் அவர் அவற்றையாவது நிச்சயம் படிப்பார்.